46ல் f, 28ல் x: ஜெர்மன் பல் திட்டத்தை வாசிக்கும் முறை

ஜெர்மனியில் பல்லுக்கு கிரவுனோ பிரிட்ஜோ போடப் போகிறவரிடம், வேலை தொடங்கும் முன்பே மருத்துவர் ஒரு தாளை நீட்டுவார். ‘ஹைல் உண்ட் கோஸ்டன்பிளான்’ என்று அதற்குப் பெயர். எந்தப் பல்லுக்கு என்ன செய்யப் போகிறார்கள், அதற்கு எவ்வளவு ஆகும், அதில் நோய்க் காப்பீடான ‘கிரான்கன்காஸ’ எவ்வளவு தரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடியில் நோயாளி கையெழுத்திட வேண்டும். ஆனால் தாளின் முக்கியமான பகுதி வாக்கியங்களாக இருப்பதில்லை. கட்டம் கட்டமாக எண்கள். எண்களுக்கு மேலும் கீழும் f, kw, KM என்று ஒற்றை எழுத்தும் இரட்டை எழுத்தும். ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவரும் இந்த இடத்தில் தடுமாறுவார். பல் மருத்துவரும் காப்பீட்டு அலுவலரும் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் சுருக்கெழுத்து அது.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து போய் ஜெர்மனியில் குடியேறிய தமிழர்களில் பலர் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பல் விழுவதும் பல் கட்டுவதும் அதிகமாகும் வயது. இப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் அவர்களில் பலர் செய்வது ஒன்றுதான்: செல்போனில் படம் பிடித்து, பல் மருத்துவம் தெரிந்த சொந்தக்காரர் யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அப்படி ஒரு படத்தை நாமும் எடுத்துக்கொள்வோம். அனுப்பியவர் டோர்ட்முண்டில் இருக்கும் 62 வயது மாமி. படம் போய்ச் சேர்ந்தது யாழ்ப்பாணத்தில் பல் மருத்துவராக இருக்கும் மருமகனுக்கு. இந்த மாமியும் அவருடைய தாளும் விளக்கத்துக்காக நாம் உருவாக்கியவை. குறிகளும் அவற்றின் வரிசையும் உண்மையான தாள்களில் வருபவை.

பல்லின் விலாசம்

தாளின் நடுவில் இரண்டு வரி எண்கள் ஓடுகின்றன. மேல்வரி 18 என்று தொடங்கி 11 வரை இறங்கி, பிறகு 21 முதல் 28 வரை ஏறுகிறது. கீழ்வரி 48 முதல் 41 வரை, பிறகு 31 முதல் 38 வரை. 32 பற்களுக்கு 48 எப்படி வந்தது என்று மாமி கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

இவை எண்ணிக்கை அல்ல, விலாசம். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்று சொல்கிறது: 1 என்றால் மேல் வலம், 2 மேல் இடம், 3 கீழ் இடம், 4 கீழ் வலம். இரண்டாவது இலக்கம், முகத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 1, 2 முன்பற்கள், 3 கோரைப்பல், 4, 5 சிறிய கடைவாய்ப் பற்கள், 6, 7 பெரிய கடைவாய்ப் பற்கள், 8 ஞானப்பல். ஆகவே 46 என்பது கீழ் வலத்தில் நடுவிலிருந்து ஆறாவது பல். மருத்துவர்கள் இதை நாற்பத்தாறு என்று படிப்பதில்லை. நான்கு, ஆறு என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வார்கள். ஜெர்மன் மொழியில் இரண்டிலக்க எண்ணைச் சொல்லும்போது ஒன்றாம் இடம் முன்னால் வந்துவிடும் என்பதால், தனித்தனியாகச் சொல்வது அங்கே இன்னும் வசதி. குழந்தைகளின் பால்பற்களுக்கு இதே முறையில் முதல் இலக்கம் 5, 6, 7, 8 என்று வரும்.

உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 1970களின் தொடக்கத்தில் பரப்பிய முறை இது. ஐ.எஸ்.ஓ. 3950 என்ற சர்வதேசத் தரமாகவும் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் பல் மருத்துவம் படித்தவர்களுக்கு இது பழக்கமானது. அதனால் ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாத மருமகனும் எண்களைத் தவறில்லாமல் படித்துவிடுவார்.

அதே படம் அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்குப் போனால் கதை வேறு. அங்கே மேல் வலது ஞானப்பல்லை 1 என்று வைத்து, மேல்வரிசை முழுவதும் 16 வரை எண்ணி, பிறகு கீழ் இடது ஞானப்பல்லில் 17 தொடங்கி, கீழ் வலது ஞானப்பல்லில் 32 என்று முடிப்பார்கள். மாமியின் தாளில் 46 என்று பார்த்தால் அமெரிக்க உறவினர் உடனே சுதாரித்துக்கொள்வார். அவர்களிடம் அப்படி ஓர் எண்ணே கிடையாது. ஆபத்து இரண்டு முறையிலும் இருக்கும் எண்களில்தான். மாமியின் தாளில் 28க்கு மேல் x என்று இருக்கிறது. அந்தப் பல்லை எடுத்துவிட வேண்டும் என்று பொருள். ஜெர்மன் தாளின் 28 மேல் இடது ஞானப்பல். அமெரிக்க முறையின் 28 கீழ் வலது பக்கத்தின் சிறிய கடைவாய்ப் பல். மாற்றிப் படித்தால், உதவாத ஞானப்பல்லுக்குப் பதிலாக நல்ல நிலையில் இருக்கும் வேறொரு பல் போகப்போகிறது என்று மாமி கலங்கிவிடுவார். எந்த நாட்டில் எழுதிய தாள் என்று தெரிந்துகொள்ளாமல் எண்ணைப் படிக்கக் கூடாது.

இடம் வலம் எப்படி மாறுகிறது

தாளின் இடது ஓரத்தில் இருக்கும் 18ம் 48ம் மாமியின் வலப்பக்கப் பற்கள். மருத்துவர் நோயாளிக்கு எதிரே நின்று பார்க்கும் கோணத்தில் படம் வரையப்பட்டிருப்பதே காரணம். எக்ஸ்ரே படமும் இப்படித்தான் மாட்டப்படும். எண் தெரிந்துவிட்டால் இந்தக் குழப்பம் போய்விடும். முதல் இலக்கமே வலமா இடமா என்று சொல்லிவிடுகிறது. கட்டம் தாளின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்பவர்கள்தான் தவறுகிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாக்கு நுனியைக் கீழ்ப்பற்களின் நடுவில் வைத்து, வலப்பக்கமாக ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டே போனால், ஆறாவது இடத்தில் மாமிக்கு வெற்றிடம் தட்டுப்படும். தாளிலும் 46 காலி என்றே இருக்கிறது, பொருந்துகிறது. ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பல் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால், பின்னால் இருக்கும் பல் முன்னால் சாய்ந்து நகர்ந்து வந்து இடைவெளியை அடைத்திருக்கும். அப்போது நாக்குக்கு ஆறாவதாகத் தட்டுப்படுவது உண்மையில் ஏழாம் பல். மருத்துவர் அதன் வடிவத்தையும் வேரையும் பார்த்து 47 என்றே எழுதுவார். இடைவெளி மூடிவிட்டது என்பதைக் காட்ட )( என்று ஒரு குறி போடுவார். எனவே, நாக்குக் கணக்கும் தாளும் ஓர் எண் தள்ளி நின்றால், மருத்துவர் தவறாக எழுதிவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் குறி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மூன்று வரிசைகள்

எண்கள் எந்தப் பல் என்று சொல்கின்றன. அந்தப் பல்லுக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை எண்களை ஒட்டி இருக்கும் மூன்று வரிசைகள் சொல்கின்றன. வரிசையின் ஓரத்தில் B, R, TP என்று எழுதியிருக்கும்.

B என்பது பரிசோதனையில் கண்டது. பல் இன்று இருக்கும் நிலை அது. R என்பது, அந்த நிலைக்குப் போதுமானது என்று காப்பீட்டு விதி ஏற்றுக்கொண்டிருக்கும் வழக்கமான சிகிச்சை. TP என்பது, இந்த மருத்துவர் இந்த நோயாளிக்கு உண்மையில் செய்யப்போவதாகச் சொல்லும் சிகிச்சை. R வரிசையும் TP வரிசையும் ஒன்றாகவே இருந்தால் TPஐக் காலியாக விட்டுவிடுவதும் உண்டு.

மாமியின் தாளில் மேல் வலப்பக்கம் இப்படி இருக்கிறது:

```
TP             KM
R              K
B     f        kw
     18   17   16   15   14
```

கீழ் வலப்பக்கம் இப்படி:

```
     48   47   46   45   44
B     f   ww   f
R         K    B    K
TP        KM   BM   KM
```

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு விஷயம் கண்ணில் படும். மேல்தாடையில் B வரிசை எண்ணுக்கு நேர் மேலே, TP உச்சியில். கீழ்த்தாடையில் B எண்ணுக்கு நேர் கீழே, TP அடியில். எண்களை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் வெளிநோக்கிப் போகிறது தாள். எண்ணை ஒட்டியிருப்பது எப்போதும் இன்றைய நிலை. எண்ணிலிருந்து தள்ளிப்போகப் போகத் திட்டம்.

படம் பிடிக்கும்போது வரும் பெரிய கோளாறும் இங்கேதான். எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கிட்டத்தில் பிடித்தால் இடது ஓரம் வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்படுவது B, R, TP என்ற மூன்று அடையாளங்கள். அவை இல்லாத படத்தில் மேல்தாடையை மேலிருந்து கீழாகப் படித்துப் பழகியவர் கீழ்த்தாடையையும் அப்படியே படித்தால், அங்கே நிலையும் திட்டமும் தலைகீழாகிவிடும். ஓரம் வெட்டுப்பட்ட படத்தை விளக்கப் புகாமல், திரும்பப் பிடித்து அனுப்பச் சொல்வதே நல்லது.

சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும்

வரிசை புரிந்துவிட்டால் எழுத்துகளுக்கு ஒரு விதி போதும். சிறிய எழுத்து இப்போது வாயில் இருப்பதைச் சொல்கிறது. பெரிய எழுத்து இனிமேல் செய்யப்போவதைச் சொல்கிறது. k என்றால் ஏற்கெனவே கிரவுன் போட்ட பல், கிரவுன் நன்றாக இருக்கிறது. K என்றால் இனிமேல் கிரவுன் போடப்போகிறார்கள். b என்றால் ஏற்கெனவே இருக்கும் பிரிட்ஜின் நடுப்பல். B என்றால் புதிதாக வரப்போகும் நடுப்பல். சற்று மங்கலான படத்தில் kயும் Kயும் உயரத்தில் மட்டும்தான் வேறுபடும். அப்போது எழுத்தின் உருவத்தைப் பார்க்க வேண்டாம். எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். நிலையைச் சொல்லும் வரிசையில் சிறிய எழுத்து, மற்ற இரண்டிலும் பெரிய எழுத்து. B மட்டும் கொஞ்சம் சிரமம் கொடுக்கும்: ஓரத்தில் நின்றால் அது வரிசையின் பெயர், கட்டத்துக்குள் நின்றால் பிரிட்ஜின் நடுப்பல்.

சிறிய எழுத்துக்குப் பின்னால் w ஒட்டிக்கொண்டால், அங்கே வேலை இருக்கிறது என்று பொருள். kw என்றால் கிரவுன் இருக்கிறது, ஆனால் மாற்ற வேண்டிய நிலை. ww என்றால் பல் பெருமளவு சிதைந்துவிட்டது, ஆனாலும் காப்பாற்றத்தக்கது. pw என்றால் பல்லில் ஒரு பகுதி மட்டும் சிதைந்திருக்கிறது.

மாமியும் மருமகனும் பேசுவதைக் கேட்போம்.

“தம்பி, 46ல f எண்டு கிடக்கு. அங்க பில்லிங் செய்யப் போகினமோ?”

“இல்லை மாமி. அங்க பல்லே இல்லை எண்டுதான் எழுதியிருக்கு. நீங்கள் முந்திக் கழட்டின பல்லு.”

“48லயும் f இருக்கு. அதுக்கு ஏன் ஒண்டும் செய்யேல்ல?”

“அது ஞானப்பல்லு. அது இல்லாட்டி திரும்பக் கட்டத் தேவையில்லை. அதுதான் கீழ இரண்டு வரியும் வெறுமையாக் கிடக்கு.”

“28ல x போட்டிருக்கு. பிழையெண்டு வெட்டி விட்டிருக்கினமோ?”

“அது வெட்டினது இல்லை மாமி. அந்தப் பல்லை வச்சிருக்க ஏலாது, கழட்டோணும் எண்டு அர்த்தம். அதுவும் ஞானப்பல்லுத்தான். டொக்டர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

சொல்லியிருப்பார்; வேற்றுமொழியில் விரைவாகச் சொன்னதில் நழுவியிருக்கும். x குறிக்கு மற்ற வரிசைகளில் துணை எழுத்து எதுவும் வராமல் போகலாம். செலவுப் பகுதியிலும் பல் எடுக்கும் வேலை வராது, ஏனென்றால் இந்தத் திட்டம் செயற்கைப் பல்லுக்கானது. பிறகு பணத்தைப் பார்த்துக் கையெழுத்திடும் நோயாளியின் கண்ணில் அந்த ஓர் எழுத்து எப்படிப் படும்? படம் வந்தவுடன் முதலில் x எங்கெங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து, அதைத் தனியாக எடுத்துச் சொல்லிவிடுவது விளக்குபவரின் முதல் வேலை.

இப்போது மாமியின் வாயை முழுவதும் படித்துவிடலாம். மேல் வலது ஆறாம் பல்லில் பழைய கிரவுன் கெட்டுவிட்டது, புதியது வேண்டும். கீழ் வலத்தில் ஆறாம் பல் இல்லை. அதன் பின்னால் ஏழாம் பல் மிகவும் சிதைந்திருக்கிறது. முன்னால் ஐந்தாம் பல்லுக்கு நேரே நிலை வரிசை காலி; அப்படியென்றால் அது குறையில்லாத பல். கீழே K, B, K என்று தொடர்ந்து மூன்று கட்டங்கள்: ஏழுக்கும் ஐந்துக்கும் கிரவுன், நடுவில் தொங்கும் பல், மூன்றும் சேர்ந்து ஒரே பிரிட்ஜ். அதாவது நல்ல பல்லான 45ஐயும் பிரிட்ஜைத் தாங்குவதற்காக அராவப் போகிறார்கள். தாள் இதை எங்கும் சொற்களில் சொல்லவில்லை. மேலே வெற்றுக் கட்டம், கீழே K என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு மட்டுமே அது தெரியும்.

M என்ற எழுத்தின் விலை

R வரிசையில் K, B, K என்று இருப்பது TP வரிசையில் KM, BM, KM ஆகியிருக்கிறது. மேலே 16லும் அதேபோல் K, KM ஆகியிருக்கிறது. இந்த M, முழுவதும் செராமிக்கால் ஆன பல்லையோ, உள்ளே உலோகம் வைத்து வெளியே முழுக்கச் செராமிக் போர்த்திய பல்லையோ குறிக்கும். இரண்டில் எது என்று M சொல்லாது. மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். V என்று இருந்தால் வெளியில் தெரியும் முகப்பு மட்டும் பல்நிறம் என்று பொருள். M, V இரண்டும் இல்லாத வெறும் K, முழு உலோகக் கிரவுன்.

மாமிக்கு R வரிசையில் ஏன் வெறும் உலோகம்? காப்பீட்டு விதிப்படி, சிரித்தால் தெரியும் எல்லைக்குள் மட்டுமே பல்நிற முகப்பு வழக்கமான சிகிச்சையில் சேரும். மேல்தாடையில் அந்த எல்லை 15 முதல் 25 வரை. கீழ்த்தாடையில் 34 முதல் 44 வரை. மாமியின் 16, 45, 46, 47 நான்கும் எல்லைக்கு வெளியே. 45 ஒரே பல் தள்ளி வெளியே விழுந்துவிட்டது. அதனால் காப்பீட்டின் பார்வையில் அந்த நான்குக்கும் உலோகம் போதும். மருத்துவர் பல்நிறத்தில் செய்யத் திட்டமிட்டிருக்கிறார். அது தவறல்ல, பெரும்பாலோர் அதையே விரும்பவும் செய்வார்கள். ஆனால் அந்த வித்தியாசத்துக்கான பணம் முழுவதும் மாமியுடையது.

இந்த இடத்தில்தான் பலருக்குக் கணக்கு பிசகுகிறது. ஜெர்மன் சட்டக் காப்பீடு 2005 முதல் செயற்கைப் பல்லுக்கு ‘ஃபெஸ்ட்சூஷுஸ்’ என்ற நிலையான உதவித்தொகை தருகிறது. அந்தத் தொகையைத் தீர்மானிப்பது B வரிசையில் இருக்கும் நிலை. நோயாளி தேர்ந்தெடுக்கும் சிகிச்சை எவ்வளவு உயர்ந்தாலும் தொகை மாறாது. 2020 அக்டோபர் முதல் அது வழக்கமான சிகிச்சைச் செலவில் 60 சதவீதம். ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போய் ‘போனுஸ்ஹெஃப்ட்’ என்ற சிறு புத்தகத்தில் முத்திரை வாங்கியவருக்கு, ஐந்து ஆண்டுகள் விடாமல் போயிருந்தால் 70 சதவீதம். பத்து ஆண்டுகள் என்றால் 75 சதவீதம். வருமானம் மிகக் குறைந்தவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. அவர்கள் வழக்கமான சிகிச்சையோடு நின்றால் கையிலிருந்து எதுவும் போடத் தேவையில்லாத அளவுக்கு உதவி கிடைக்கும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

தாளின் செலவுப் பகுதியில் 1.1, 2.1 என்று புள்ளி வைத்த எண்களைப் பார்க்கலாம். இவை பல் எண்களல்ல, நிலைகளின் எண்கள். 1.1 என்பது கிரவுன் தேவைப்படும் அளவுக்குச் சிதைந்த ஒரு பல். மாமிக்கு அது 16. 2.1 என்பது இரு பக்கமும் பல் இருக்க, நடுவில் ஒரு பல் இல்லாத இடைவெளி, அது 46. இங்கே மருமகனுக்கு ஒரு சந்தேகம் வரலாம்: சிதைந்திருக்கும் 47க்கு ஏன் இன்னொரு 1.1 இல்லை? இடைவெளியின் இரு கரையிலும் நிற்கும் பற்களுக்கான கிரவுன்கள் 2.1க்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. விட்டுப்போனதாக எண்ணிச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இனிக் கணக்கு. எளிதாக இருக்கட்டும் என்பதற்காக நாமே முழு எண்களைப் போட்டுக்கொள்வோம். வழக்கமான சிகிச்சையின் செலவு மொத்தம் 1,400 யூரோ. மருத்துவரின் செராமிக் திட்டம் 2,800 யூரோ. மாமி பத்து ஆண்டு முத்திரையோடு இருக்கிறார். காப்பீடு 75 சதவீதம் தருகிறது என்று கேள்விப்பட்டவர், 2,800ல் கால்வாசியான 700 யூரோதான் தன் பங்கு என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் 75 சதவீதம் 1,400க்குத்தான். அது 1,050 யூரோ. 2,800ல் அதைக் கழித்தால் மாமியின் பங்கு 1,750 யூரோ. உலோகக் கிரவுனே போதும் என்று முடிவு செய்தால் 1,400ல் 1,050 போக 350 யூரோ. நான்கு கட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் M என்ற எழுத்தின் விலை, இந்தக் கணக்கில் 1,400 யூரோ.

பிரிட்ஜ் வேண்டாம், 46ல் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்கிறேன் என்று மாமி சொன்னாலும், இடைவெளிக்கான உதவித்தொகை அதேதான். TP வரிசையில் BMக்குப் பதிலாக S என்று தொடங்கும் குறி வரும். இம்ப்ளான்ட் மேல் நிற்கும் பல் என்று அதற்குப் பொருள். செலவுதான் வேறு அளவுக்குப் போகும். இப்படி முற்றிலும் வேறு வகைச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவர் முழுக் கட்டணத்தையும் தனியார் கட்டண அட்டவணைப்படி நோயாளியிடமே கேட்பார். காப்பீட்டின் தொகை பிறகு நோயாளியின் கைக்கு வரும். முதலில் முழுப் பணத்தையும் புரட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

தாள் சொல்லாதவை

மருமகன் படத்தை வைத்து இவ்வளவும் சொல்லிவிடலாம். சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் இருப்பதும் அவருடைய கடமை. 47ல் ww என்று இருக்கிறது. சிதைவு எவ்வளவு ஆழம், நரம்பு உயிரோடு இருக்கிறதா, கிரவுனுக்கு முன் வேர்ச் சிகிச்சை தேவையா என்பதெல்லாம் கட்டத்தில் வராது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும். ஈறு நோய்க்கு ஜெர்மனியில் தனித் திட்டம் போடுவார்கள். இந்தத் தாளில் ஈறைப் பற்றி எதுவும் இல்லை என்பதால் ஈறு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. வலியும் அவசரமும் இந்தச் சுருக்கெழுத்தில் கிடையாது. பல் செய்யும் ஆய்வுக்கூடத்தின் செலவும் மதிப்பீடுதான். இறுதிப் பில்லில் மாறலாம்.

ஆகவே தொலைவிலிருந்து படிப்பவர் தீர்ப்புச் சொல்லாமல் கேள்விகளை எழுதிக் கொடுப்பது நல்லது. மாமியின் தாளுக்கு நான்கு கேள்விகள் போதும். 28ஐ எப்போது எடுக்கப்போகிறீர்கள், பிரிட்ஜுக்கு முன்பா பின்பா? 45 நல்ல பல்லாக இருக்கும்போது அதை அராவுவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா, அதன் செலவு என்ன? M என்றால் முழுச் செராமிக்கா, உள்ளே உலோகமா? R வரிசையில் இருப்பதை மட்டும் செய்தால் என் பங்கு எவ்வளவு? பல் எண்ணோடும் வரிசையின் பெயரோடும் எழுதிக் கொடுத்தால், ஜெர்மன் வாக்கியம் கொஞ்சம் உடைந்திருந்தாலும் மருத்துவருக்குக் கேள்வி உடனே விளங்கிவிடும்.

படம் அனுப்புவதற்கும் ஒரு முறை உண்டு. தாளை மேசையில் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து, நான்கு மூலையும் தெரியும்படி ஒரு படம். எண்கள் இருக்கும் பகுதியை, ஓரத்து B, R, TP விடுபடாமல், கிட்டத்தில் இன்னொரு படம். செலவுப் பகுதிக்கும் அடுத்த பக்கத்துக்கும் தனித்தனிப் படங்கள். பல தாள்களில் குறிகளின் விளக்கம் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அதையும் பிடிக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, காப்பீட்டு எண் உள்ள மூலையை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துக்கொள்ளலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமல், படிக்கத் தெரிந்தவர் ஒருவருக்கு மட்டும் அனுப்பலாம். 2023 முதல் இந்த விண்ணப்பங்கள் மின்னணு வழியாகவே காப்பீட்டுக்குப் போகின்றன. நோயாளிக்கு அச்சிட்டுத் தரும் தாளின் தோற்றம் முன்பு இருந்ததிலிருந்து சற்று மாறியிருக்கலாம். பல் எண்களும் குறிகளும் மாறவில்லை.

தாளைக் கையில் கொடுத்த அன்றே கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோகலாம், வேறொரு பல் மருத்துவரிடம் காட்டி அவருடைய திட்டத்தையும் செலவையும் கேட்கலாம். காப்பீடு ஒப்புதல் தரும் முன்பு கிரவுன் வேலையைத் தொடங்கினால் உதவித்தொகை சிக்கலாகிவிடும். ஒப்புதல் வந்த பிறகு ஆறு மாதத்துக்குள் பல்லைப் பொருத்தி முடிக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்த ஆறு மாதத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு கையெழுத்திடும் நாளை மாமி முடிவு செய்வது நல்லது.